லாஸ் கோட்டில் தெரிவதும் தெரியாததும்

இயந்திரக் கற்றல் பாடத்தின் ஸ்லைடுகளை எங்கிருந்து எடுத்துப் பார்த்தாலும் தொடக்கத்திலேயே இரண்டு படங்கள் வந்துவிடும். முதல் படத்தில் கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. அதன் ஒரு பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ ஒன்று அடிப்பகுதியை நோக்கி இறங்கி வரும். கிரேடியன்ட் டிசென்ட் என்று தலைப்பு போட்டிருப்பார்கள். இரண்டாவது படத்தில் இடப்பக்க மேல்மூலையிலிருந்து சரசரவென்று விழுந்து, பிறகு தரையோடு தரையாகப் படுத்துவிடும் ஒரு கோடு. அதற்கு லாஸ் கர்வ் என்று பெயர்.

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அண்ணன் மகள் இந்த ஸ்லைடுகளைக் காட்டி, "ரெண்டு படத்துலயும் இறங்கத்தானே செய்யுது சித்தப்பா, அப்புறம் எதுக்கு ரெண்டு தடவ போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். சரியான கேள்வி. இரண்டு படத்திலும் செங்குத்து அச்சு ஒன்றுதான். பிழை எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. கிடைமட்ட அச்சுதான் வேறு. கிண்ணப் படத்தில் கிடைமட்டமாக ஓடுவது நாம் மாற்றிக்கொண்டே போகும் ஓர் எண். கோட்டுப் படத்தில் ஓடுவது இது எத்தனையாவது அடி என்ற கணக்கு. இந்த ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பிளஸ் டூ கணக்குதான். ஒரு சின்ன உதாரணத்தைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. அது எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை யூனிட் மின்சாரம் ஏறியது என்று மூன்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். 1 மணி நேரம் ஓடிய நாளில் 3 யூனிட், 2 மணிக்கு 5 யூனிட், 3 மணிக்கு 5 யூனிட். நேரத்தைக் கண்ணளவாகக் குறித்ததால் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட எண்கள்தான் இவை. மணிக்கு w யூனிட் என்று ஒரே எண்ணில் இந்த மோட்டாரைச் சொல்லிவிட வேண்டும். x மணி ஓடினால் w·x யூனிட். இந்த w-ஐத்தான் ஸ்லைடுகளில் வெயிட் என்கிறார்கள்.

ஏதோ ஒரு w-ஐ எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிழை வரும். முதல் நாளுக்கு 3 − w, இரண்டாம் நாளுக்கு 5 − 2w, மூன்றாம் நாளுக்கு 5 − 3w. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கிறோம். அந்தச் சராசரிதான் லாஸ். விரித்து எழுதினால் இப்படி வரும்:

L(w) = (14w² − 56w + 59) / 3

இது ஒரு பரவளையம். ஸ்லைடில் பார்த்த கிண்ணம் இதுதான். வர்க்கப்பூர்த்தி செய்தால் L(w) = 1 + (14/3)(w − 2)² என்று ஆகும். ஆகவே w = 2 என்ற இடத்தில் லாஸ் மிகக் குறைவு; அங்கே அதன் மதிப்பு 1. பூஜ்யம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாதவரை இந்த மாதிரியால் பூஜ்யத்தைத் தொடவே முடியாது. லாஸ் பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று கவலைப்படும் மாணவர்கள் நிறையப் பேர். அடிமட்டம் எங்கே இருக்கிறது என்பதைத் தரவுதான் முடிவு செய்கிறது.

இப்போது வகைக்கெழு: dL/dw = (28/3)(w − 2). கிரேடியன்ட் டிசென்ட் செய்வது ஒரே ஒரு வேலை. இருக்கும் இடத்தில் இந்தச் சாய்வைக் கணக்கிட்டு, அதை ஒரு சிறிய எண்ணால் பெருக்கி, w-இலிருந்து கழித்துவிடுகிறது.

w ← w − η · dL/dw

η என்ற அந்தச் சிறிய எண்ணுக்கு லேர்னிங் ரேட் என்று பெயர். அதை நாம்தான் கொடுக்க வேண்டும். 0.05 என்று வைப்போம். w = 0 என்ற இடத்தில் தொடங்கினால் அங்கே சாய்வு −56/3, அதாவது ஏறத்தாழ −18.67. அதை 0.05-ஆல் பெருக்கினால் −0.933. கழித்தல் குறிக்குள் கழித்தல் குறி வருவதால் w கூடி 0.933 ஆகிறது. கழித்தல் குறி எதற்கு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அடிப்பகுதிக்கு இடப்பக்கம் நின்றால் சாய்வு குறை எண், ஆகவே w கூடும். வலப்பக்கம் நின்றால் சாய்வு மிகை எண், w குறையும். எந்தப் பக்கம் நின்றாலும் திசை நடுவை நோக்கியே இருக்கும்.

பைத்தான் தெரிந்தவர்கள் இதை ஓட்டியே பார்க்கலாம்:

```python
x = [1, 2, 3]
y = [3, 5, 5]
w, lr = 0.0, 0.05
for step in range(6):
    loss = sum((w*a - b)**2 for a, b in zip(x, y)) / 3
    grad = sum(2*a*(w*a - b) for a, b in zip(x, y)) / 3
    print(step, round(w, 3), round(loss, 3))
    w = w - lr * grad
```

w-இன் மதிப்பு 0, 0.933, 1.431, 1.697, 1.838, 1.914 என்று நகரும். லாஸ் 19.667, 6.31, 2.51, 1.43, 1.122, 1.035 என்று இறங்கும். w-ஐக் கிடைமட்ட அச்சில் வைத்து லாஸைக் குறித்தால் கிண்ணத்தின் சுவரில் இறங்கும் புள்ளிகள் கிடைக்கும். அதே லாஸ் எண்களை 0, 1, 2, 3 என்று அடிகளின் வரிசையில் குறித்தால் லாஸ் கோடு கிடைக்கும். ஒரே எண்கள், இரண்டு படங்கள். கோட்டின் வடிவத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் சாய்வு செங்குத்தாக இருப்பதால் பெரிய அடி விழுகிறது. அடிப்பகுதியை நெருங்க நெருங்கச் சாய்வு தானாகவே சிறுத்து, அடியும் சிறுத்துப்போகிறது. யாரும் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வகைக்கெழுவே அதைச் செய்துவிடுகிறது.

பாடப்புத்தகங்களில் இதை மூடுபனியில் மலையிறங்கும் ஆளோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மலையிறங்குபவர் சரிவு கூடக்கூடச் சின்ன அடியாக எடுத்து வைப்பார். இங்கே சரிவு கூடக்கூட அடி பெரிதாகிறது. அதைவிட முக்கியம், மலையிறங்குபவர் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் விழமாட்டார். கிரேடியன்ட் டிசென்ட் விழும். அது எப்போது விழும் என்பதைப் பள்ளிக் கணக்கே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது என்பதுதான் இந்த உதாரணத்தின் அழகு.

w எங்கே இருக்கிறது என்பதற்குப் பதிலாக, 2-இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்ப்போம். அந்தத் தொலைவை e என்று வைத்துக்கொண்டால் ஒவ்வோர் அடியிலும் e என்பது (1 − 28η/3) என்ற எண்ணால் பெருக்கப்படுகிறது. அவ்வளவுதான், இது ஒரு பெருக்குத் தொடர். η = 0.05 என்றால் அந்தப் பெருக்கி 0.533. ஒவ்வோர் அடிக்கும் தொலைவு ஏறத்தாழப் பாதியாகிறது. η = 0.01 என்றால் பெருக்கி 0.907, பத்து அடி போன பிறகும் லாஸ் 3.63-இல்தான் நிற்கும். η = 0.25 என்று வைத்துப் பாருங்கள். பெருக்கி −1.333. குறை எண் என்பதால் ஒவ்வோர் அடியிலும் எதிர்ப்பக்கத்துக்குத் தாவுகிறது. அளவு ஒன்றைவிடப் பெரிது என்பதால் ஒவ்வொரு தாவலும் முன்னதைவிடத் தூரமாகப் போய் விழுகிறது. w-இன் மதிப்பு 0, 4.667, −1.556, 6.741 என்று அலையும். லாஸ் 19.7, 34.2, 60, 105.9 என்று ஏறும்.

இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே? பெருக்கி −1 ஆகும் இடம்தான் எல்லை. அது η = 6/28, ஏறத்தாழ 0.214. இந்த 28/3 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், L-இன் இரண்டாம் வகைக்கெழு அது. பிளஸ் டூவில் பெருமமா சிறுமமா என்று சரிபார்க்க மட்டுமே பயன்பட்ட இரண்டாம் வகைக்கெழு இங்கே வேக வரம்பாக நிற்கிறது. இதுபோன்ற கிண்ணத்தில் லேர்னிங் ரேட் 2-ஐ இரண்டாம் வகைக்கெழுவால் வகுத்த அளவுக்கு மேல் போனால் கணக்கு சிதறிவிடும். வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சின்ன அடிதான் வைக்க முடியும்.

இதை வைத்து ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறையும் புரிந்துகொள்ளலாம். அதே மோட்டார் கணக்கில் நேரத்தை மணியில் எழுதாமல் நிமிடத்தில் எழுதுவோம்: 60, 120, 180. தரவு மாறவில்லை, அலகுதான் மாறியது. ஆனால் இரண்டாம் வகைக்கெழுவில் x-இன் வர்க்கம் இருக்கிறது. x 60 மடங்கானால் அது 3600 மடங்காகி, 33600 என்று வந்து நிற்கும். வேக வரம்பு 0.00006-க்கும் கீழே இறங்கிவிடும். சற்றுமுன் அருமையாக வேலை செய்த 0.05 இப்போது கணக்கை வெடிக்க வைத்துவிடும். நூலகங்களைப் பயன்படுத்துபவர்களுக்குத் திரையில் inf, அடுத்து nan என்று வந்து நிற்கும். நிரலில் தவறு தேடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளீட்டு எண்களை ஒரே அளவுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது லாஸ் கோடு எதை மறைக்கிறது என்ற இடத்துக்கு வருகிறோம். η = 0.2 என்று வையுங்கள். வரம்புக்குச் சற்றே கீழே. பெருக்கி −0.867. w-இன் மதிப்பு 0-இலிருந்து 3.73-க்குத் தாவி, அங்கிருந்து 0.5-க்குத் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் போய், ஒவ்வோர் அடியிலும் கிண்ணத்தின் இரு சுவர்களுக்கும் இடையே மோதிக்கொண்டே வருகிறது. லாஸ் என்ன ஆகிறது? 19.67, 15.02, 11.53 என்று ஒழுங்காக, ஒரு நெளிவும் இல்லாமல் இறங்குகிறது. அடுத்து η = 1/70 என்று வையுங்கள்; முன்னதில் பதினான்கில் ஒரு பங்கு. பெருக்கி +0.867. w இப்போது ஒரே பக்கத்தில், மெல்ல மெல்ல, ஒரு தாவலும் இல்லாமல் நகர்கிறது. லாஸ்? 19.67, 15.02, 11.53. அதே எண்கள். இரண்டு லாஸ் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முழுக்கப் பொருந்தும். லாஸில் e-இன் வர்க்கம் இருப்பதால் குறை மிகை என்ற வேறுபாடு அங்கே அழிந்துவிடுகிறது.

என் அண்ணன் மகள் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்தாள். லாஸ் மெதுவாக இறங்கினால் லேர்னிங் ரேட்டைக் கூட்டு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே ஒன்றில் கூட்ட வேண்டும், மற்றொன்றில் குறைக்க வேண்டும். கோட்டைப் பார்த்து மட்டும் எதுவென்று சொல்ல வழியே இல்லை. வெயிட் எப்படி நகர்கிறது என்பதையும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் η-வை மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"dL/dw = 0-னு போட்டா ஒரே வரியில w = 2 வந்துடுது. எதுக்கு இப்படி அடி அடியா நடக்கணும்?" என்று அவள் கேட்டதையும் சொல்லியாக வேண்டும். ஒரே வெயிட் இருக்கும்போது அவள் சொல்வது முழுக்கச் சரி. இந்த மோட்டாருக்கு கிரேடியன்ட் டிசென்ட் தேவையே இல்லை. ஆனால் கையால் எழுதிய இலக்கங்களை அடையாளம் காணும் நரம்பு வலையைப் பாருங்கள். முதல் ஆய்வுக்கூட வகுப்பிலேயே பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். 28-க்கு 28 என்ற படத்தில் 784 புள்ளிகள், நடுவில் 128 அலகுகள், முடிவில் 10 இலக்கங்கள். இந்தச் சிறிய வலையிலேயே 1,01,770 வெயிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி வகைக்கெழு. அத்தனையையும் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் அத்தனை சமன்பாடுகள் வரும். அவை நேரியலானவையும் அல்ல. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். தீர்க்க வழியில்லை. ஆனால் நிற்கும் இடத்தில் சாய்வு என்ன என்பதைச் சங்கிலி விதியை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். முழுக் கிண்ணமும் நமக்குத் தெரியாது. நிற்கும் புள்ளியின் சாய்வு மட்டும் தெரியும். அதை வைத்து ஓர் அடி எடுத்து வைக்க முடியும்.

பிரெஞ்சுக் கணிதவியலர் கோஷி 1847-இல் இந்த முறையை எழுதி வைத்ததும் இப்படியொரு நெருக்கடியில்தான். விண்பொருள்களின் பாதையைக் கணக்கிடும்போது வரும் பல சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டியிருந்தது. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, எல்லா மாறிகளையும் பகுதி வகைக்கெழுக்கள் காட்டும் திசையில் ஒரே சமயத்தில் நகர்த்தலாம் என்றார் அவர். கணினி வருவதற்கு நூறாண்டுகளுக்கு முந்தைய யோசனை.

வெயிட்டுகள் இரண்டானாலே புதிய சிக்கல் ஒன்று வருகிறது. L = 5u² + 0.05v² என்று எடுத்துக்கொள்வோம். u-இன் திசையில் இரண்டாம் வகைக்கெழு 10, v-இன் திசையில் 0.1. ஒருபுறம் செங்குத்துச் சுவர், மறுபுறம் கிட்டத்தட்டச் சமதரை. இரண்டுக்கும் ஒரே லேர்னிங் ரேட்தான். வேக வரம்பைச் செங்குத்துச் சுவர் நிர்ணயிக்கிறது: 2/10, அதாவது 0.2. நாம் 0.1 வைப்போம். u = 1, v = 1 என்ற இடத்தில் தொடங்கினால் லாஸ் 5.05. முதல் அடியிலேயே u பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. v 0.99 ஆகிறது. லாஸ் 0.049. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஒரே அடியில் குறைந்துவிட்டது. படத்தில் கோடு தொப்பென்று விழுந்து தரையில் படுத்துவிட்டது. பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் v போக வேண்டிய தூரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. நூறு அடி நடந்த பிறகும் அது 0.37-இல்தான் இருக்கும்.

ஆகவே கோடு தட்டையாகத் தெரிந்தால் அடிப்பகுதிக்கு வந்துவிட்டோம் என்று பொருளில்லை. செங்குத்து அச்சை மடக்கை அளவில் போட்டுப் பாருங்கள். பெருக்குத் தொடராகக் குறையும் எதுவும் மடக்கையில் நேர்கோடாகத் தெரியும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். சாதாரணப் படத்தில் படுத்துக் கிடந்த அதே வால், மடக்கைப் படத்தில் சீராக இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தால் இன்னும் பயணம் மிச்சமிருக்கிறது. லாஸின் அடிமட்டம் பூஜ்யமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கும்போதுதான் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். நம் மோட்டார் கணக்கைப்போல அடிமட்டம் 1 என்றால் மடக்கையிலும் கோடு தட்டையாகிவிடும்.

ஸ்லைடில் வழவழப்பாக இருந்த கோடு, மாணவர்கள் தாங்களே ஓட்டிப் பார்க்கும்போது ரம்பப் பல் மாதிரி வருவதேன் என்பதும் வழக்கமான சந்தேகம். எல்லாத் தரவையும் சேர்த்துச் சாய்வு கணக்கிடுவதற்கு நேரம் பிடிக்கும். லட்சக்கணக்கில் படங்கள் இருந்தால் ஓர் அடிக்கே வெகுநேரம் ஆகும். அதனால் ஒரு சிறு கைப்பிடியை, பேட்ச் என்று சொல்வார்கள், எடுத்து அதன் சாய்வை மட்டும் வைத்து அடி எடுப்பது வழக்கம். எல்லாத் தரவையும் ஒருமுறை தொட்டு முடித்தால் அது ஓர் எபோக்.

மோட்டார் கணக்கில் இதைச் செய்து பார்த்தால் தெளிவாகிவிடும். w = 2 என்ற சரியான இடத்திலேயே நிற்கிறோம். மூன்று நாள்களின் தனித்தனிச் சாய்வு −2, −4, +6. கூட்டினால் பூஜ்யம். ஆனால் தனித்தனியே எதுவும் பூஜ்யமில்லை. மூன்றாம் நாளை மட்டும் எடுத்து, η = 0.05 வைத்து அடி எடுத்தால் w சரியான இடத்தை விட்டு 1.7-க்குப் போய்விடும். அங்கே நின்று மறுபடி லாஸ் பார்த்தால், முதல் நாளின்படி 1.69, இரண்டாம் நாளின்படி 2.56, மூன்றாம் நாளின்படி வெறும் 0.01. உண்மையான சராசரி 1.42. எந்த நாள் கையில் வருகிறதோ அதற்கேற்ப கோடு மேலும் கீழும் குதிக்கும். அந்த 0.01-ஐப் பாருங்கள். மூன்று நாளுக்கும் சேர்த்து எட்டவே முடியாத 1 என்ற அடிமட்டத்துக்கும் கீழே அது இருக்கிறது. ரம்பப் பல்லின் கீழ்முனை வெற்றியல்ல, மேல்முனை தோல்வியும் அல்ல. சில பத்து அடிகளின் சராசரியை எடுத்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சராசரி இறங்காமல் ஒரே மட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் லேர்னிங் ரேட்டைக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். நடுக்கம் அடங்கி, கோடு இன்னொரு படி கீழே இறங்குவதைப் பல நேரம் காணலாம்.

கடைசியாக, ஸ்லைடுகளில் வரும் இரட்டைக் கோடு. ஒன்று பயிற்சித் தரவின் லாஸ், மற்றொன்று ஒதுக்கி வைத்த தரவின் லாஸ். இந்த ஒதுக்கலின் தேவையை மோட்டார் கணக்கே காட்டிவிடும். நேர்கோட்டுக்குப் பதிலாக இருபடிக் கோவை ஒன்றை அனுமதித்தால் மூன்று புள்ளிகள் வழியாகவும் அது சரியாகப் போய்விடும்: y = −x² + 5x − 1. போட்டுப் பாருங்கள், 1-க்கு 3, 2-க்கு 5, 3-க்கு 5. லாஸ் பூஜ்யம். நேர்கோட்டால் தொட முடியாத பூஜ்யம். இப்போது 5 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்று கேளுங்கள். −1 என்று விடை வரும். மீட்டர் பின்னோக்கி ஓட வேண்டும். மூன்று நாளின் கண்ணளவுத் தவறுகளையும் சேர்த்து மனப்பாடம் செய்த மாதிரி அது. பயிற்சி லாஸை மட்டும் பார்த்தால் அதுதான் சிறந்தது என்று தோன்றும். 4 மணி ஓடிய நாளையும் 5 மணி ஓடிய நாளையும் தனியே எடுத்து வைத்துச் சோதித்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும்.

பெரிய வலைகளில் இது படிப்படியாக நடக்கும். முதலில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே இறங்கும். ஓர் இடத்துக்குப் பிறகு பயிற்சிக் கோடு இறங்கிக்கொண்டே போக, ஒதுக்கி வைத்த தரவின் கோடு நின்று, பிறகு மேலே திரும்பும். திரும்பும் அந்த இடத்தில் இருந்த வெயிட்டுகளைத்தான் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி எபோக்கில் இருந்தவற்றை அல்ல.

கோட்டின் முதல் புள்ளியையும் விட்டுவிடக்கூடாது. இலக்கங்களை அடையாளம் காணும் வலையில் லாஸ் என்பது சரியான விடைக்கு வலை கொடுத்த நிகழ்தகவின் மடக்கை, கழித்தல் குறியோடு. பயிற்சி தொடங்கும் முன் வலைக்கு எதுவும் தெரியாது. பத்து இலக்கங்களுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும். ஆகவே தொடக்க லாஸ் ln 10, அதாவது 2.303-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது 15, 20 என்று தொடங்கினால் தொடக்க வெயிட்டுகளிலோ உள்ளீட்டு அளவிலோ கோளாறு. பல எபோக் போன பிறகும் 2.3-ஐ விட்டு நகரவில்லையென்றால் வலை இன்னும் குருட்டுத்தனமாகவே ஊகித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்லைடு தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லாஸ் கோட்டைத் தனியாகப் போடாதீர்கள். லேர்னிங் ரேட் எவ்வளவு, ஒரு பேட்ச்சில் எத்தனை தரவு, செங்குத்து அச்சு சாதாரண அளவா மடக்கையா என்ற மூன்றையும் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். ஒதுக்கி வைத்த தரவின் கோட்டையும் கூடவே வரையுங்கள். மாணவர்களும் அவை இல்லாத படத்தைக் கண்டால் வகுப்பிலேயே கையை உயர்த்திக் கேட்டுவிடுங்கள்.